கிளிவெட்டி மில்லில் ஒரு நன்றியுரை

அவித்த அரிசி எந்த இடத்தில் உடைகிறது என்பதை வேலையாட்களிடமே கேட்டு எழுதலாம் என்றுதான் கிளிவெட்டிப் பக்கத்து நெல் மில் ஒன்றுக்குப் போனேன். போன நேரம் மத்தியானம். மெசினை நிறுத்திவிட்டு எல்லாரையும் கொட்டகையில் கூட்டியிருந்தார்கள். களத்தில் நெல் காயவைக்க வந்து, பிறகு தொட்டி, பொயிலர், மெசின் என்று எல்லா இடத்திலும் நின்று பழகிய பெண் ஒருவரை அன்று சுப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். முதலாளி இரண்டு வசனம் பேசிவிட்டு, "இனி நீங்கள் கதையுங்கோ தங்கச்சி" என்று உட்கார்ந்துவிட்டார். வடையும் பிளேன்ரீயும் ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருந்தன. நான் கேட்க நினைத்துப் போனதில் பெரும்பகுதி அந்தப் பேச்சிலேயே கிடைத்தது.

கிளிவெட்டி இருக்கும் கொட்டியாரம் நெல் விளையும் பூமி. வெருகலாற்றுத் தண்ணீரை நம்பிய அல்லைத் திட்டத்து வயல்கள் சுற்றிவரக் கிடக்கின்றன. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதோடு வெடித்த சண்டையில் இந்தப் பக்கத்துச் சனம் சிதறிப் போனது. சம்பூர்ப் பக்கத்து ஆட்கள் பலர் கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்கில் இருந்தார்கள். 2015க்குப் பிறகுதான் அவர்களுக்குக் காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது. மில்லில் எல்லாரும் 'பெரியம்மா' என்று கூப்பிடும் மூத்தவர் அந்த முகாமிலிருந்து கூலிக்கு வந்து நிலைத்தவர்.

"முதல் நன்றி பெரியம்மாவுக்கு" என்று தொடங்கினார் புதிய சுப்பர்வைசர். "வந்த முதல் கிழமை ஒரு பிடி நெல்லைக் கையில தந்து, கடி எண்டவ. ஒவ்வொரு மூலையிலும் கடிக்க வைச்சவ. இரவில பல்லுக் கூசிச் சோறு தின்னேலாமல் இருந்தனான்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் அது வெறும் பகிடி இல்லை. குத்தப் போகும் நெல்லில் ஈரம் 14 சதவீதம் அளவில் நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் மணியைக் கடித்தால் 'டக்' என்று இரண்டாகும். ஈரம் கூடினால் பல்லுக்குள் நசுங்கும். மில்லில் ஈரம் பார்க்கும் மீற்றரும் உண்டு. அது உள்ளே போட்ட ஒரு கைப்பிடிக்குத்தான் கணக்குச் சொல்லும். களத்தின் நடுவில் காய்ந்து, சுவரோரம் நிழலில் ஈரமாகக் கிடக்கும் நெல்லுக்கு நாலு இடத்தில் குனிந்து கடித்துப் பார்க்கும் ஆள் வேண்டும்.

தொட்டியடியில் நிற்கும் அண்ணைக்கு அடுத்த நன்றி. அவர் படிப்பித்தது மூக்கை. பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் நெல் ஊற இரண்டு நாள்கூடப் போகும், அதற்குள் தண்ணீர் புளித்துச் சோறு வரைக்கும் அந்த மணம் வரும். 60 முதல் 70 பாகை சூட்டில் வைத்தால் ஐந்தாறு மணித்தியாலத்தில் ஊறிவிடும். பொயிலர்க்காரரிடம் கற்றது கண்ணை. நீராவி பட்டு உமி இலேசாக வாய் திறந்ததும் இறக்க வேண்டும். பிந்தினால் உள்ளே இருக்கும் அரிசி பிதுங்கி வெளியே வரும். முந்தினால் மணியின் நடுவில் வெள்ளைப் பொட்டு நிற்கும், அந்த இடத்தில் அது உடையும். இவற்றைப் புதிய சுப்பர்வைசர் ஓட்டமாகச் சொல்லிக்கொண்டு போனார். கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு குரலைச் சற்று இறக்கி, "மெசின் மாமாவிட்ட நான் சண்டை பிடிச்ச கதை உங்களுக்குத் தெரியும்" என்றார்.

அது ஒரு சிறுபோக அறுவடைக் காலம். கச்சான் காற்று அனலாக வீசிய நாள். களத்துப் பொறுப்பு முதன்முறை அவரிடம். நாற்பது மூடை நெல்லை மெல்லிசாகப் பரப்பி, விடாமல் காலால் கிளறி, காலையில் போட்டதைப் பொழுது சாயுமுன் அள்ளிவிட்டார். கடித்தால் 'டக்' என்றது. மீற்றரும் சரி என்றது. அடுத்த நாள் மெசினில் விட்டபோது குறுணல் கொட்டியது. முழு அரிசியின் விலையில் குறுணலை யாரும் வாங்க மாட்டார்கள். றோலரை இறுக்கி வைத்துவிட்டீர்கள் என்று மெசின் மாமாவோடு எல்லார் முன்னாலும் வாக்குவாதப்பட்டார்.

மாமா வாயால் பதில் சொல்லவில்லை. இன்னும் மெசினுக்குப் போகாத மூடையில் ஒரு பிடி எடுத்து, நகத்தாலேயே உமியை உரித்து, இருபது முப்பது அரிசியை ஒரு கண்ணாடித் துண்டில் பரப்பி, கீழே ரோச் லைற்றைப் பிடித்தார். அநேகமான மணிகளில் குறுக்கே மயிரிழை போலக் கோடுகள். மெசின் தொடாத அரிசி அது. உடைவு களத்திலேயே நடந்திருந்தது.

காரணம் இதுதான். அவித்து இறக்கும்போது நெல்லில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். அது 18 வரைக்கும் வேகமாக இறங்கலாம், பாதகமில்லை. அதற்குக் கீழேதான் ஆபத்து. மணியின் வெளிப்புறம் இறுகிச் சுருங்க, உள்ளே ஈரம் மிச்சம் நிற்கும். அந்த இழுபறியில் அரிசி வெடிக்கும். ஆகவே 18க்கு வந்ததும் நெல்லைக் குவித்துப் படங்கால் மூடி, சில மணித்தியாலம், முடிந்தால் ஒரு இரவு, விட வேண்டும். உள்ளீரம் வெளியே வந்து மணி முழுக்கச் சமமாகும். மறுநாள் பரப்பி 14க்குக் கொண்டுவரலாம். இதில் ஆளை ஏமாற்றுவது என்னவென்றால், வெடிப்பு களத்தில் நிற்கும்போது தெரியாது. அள்ளிக் கட்டிய பிறகு, இரவோடு இரவாகத்தான் அது பெருகும். வயலில் நின்றபோதே விழுந்த வெடிப்பை அவியல் ஒட்டவைத்துவிடும். அவித்த பிறகு காய்ச்சலில் விழுந்ததை ஒட்டவைக்க வழியில்லை.

"அண்டைக்கு மாமா என்னை ஒரு சொல்லும் ஏசேல்ல. அந்த ரோச்சை என்னட்டயே தந்திட்டார். இப்பவும் வைச்சிருக்கிறன்" என்றார் அவர்.

பதவி ஏற்பவர்கள் நன்றி சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். 'உங்கள் எல்லாருடைய ஒத்துழைப்பு' என்று ஒரே வாளியில் எல்லாரையும் ஊற்றிவிடுவார்கள். இவர் யாரிடம் எதைப் படித்தேன் என்று பிரித்துச் சொன்னார். அதோடு நிறுத்தவும் இல்லை.

குவித்து மூடவேண்டும் என்பது களத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். பெரியம்மா அவருக்கே பலமுறை சொன்ன விஷயம். தெரிந்தும் ஏன் ஒரே நாளில் அள்ளுகிறார்கள்? கூலி மூடைக்கணக்கில். அள்ளிக் கட்டிய மூடைக்குத்தான் காசு. குவித்து வைத்த நெல் அன்றைய கணக்கில் ஏறாது. கச்சான் அடிக்கிற நாளில் பொறுமையாக இருப்பவளின் கை வெறுங்கையாகப் போகும். கையில் தொழில் இருந்தும் அதைச் செய்ய முடியாதபடி சம்பளம் அமைந்திருந்தது. அரிசி உடைவதில் பாதிப் பழி இந்தக் கணக்குக்குத்தான் என்பது என் எண்ணம். றோலரும் வெயிலும் பிறகு.

"பின்னேரம் குவிச்சு மூடின நெல்லுக்கு அரைக் கூலி அண்டைக்கே, மிச்சம் கட்டினாப் பிறகு. முதலாளியிட்டக் கேட்டிட்டுத்தான் சொல்லுறன்" என்றார் புதிய சுப்பர்வைசர். முதலாளி தலையாட்டினார். கைதட்டல் வந்தது. பெரியம்மா மட்டும் கைதட்டவில்லை.

"மழைக்குக் குவிச்சாலும் அரைக்கூலி உண்டோ?"

புதிய சுப்பர்வைசர் யோசித்தார். மழைக்குக் குவித்த நெல்லை மறுநாள் திரும்ப விரிக்க வேண்டும், வேலை இரட்டிப்பு. "உண்டு" என்றார்.

"அப்ப கொப்பியில எழுது பிள்ளை. முதலாளி கையெழுத்துப் போடட்டும்."

முதலாளி சட்டைப் பையில் பேனையைத் தேடினார். மெசின் மாமா தன்னுடையதை நீட்டிவிட்டு வடைத் தட்டுப் பக்கம் போனார்.