மணவறைப் படத்தில் அம்மப்பா

மணவறையில் எடுத்த குடும்பப் படத்தில், காலமாகிவிட்ட ஒருவரையும் சேர்த்துத் தரும்படி கேட்டு வருவது யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்களுக்குப் புதிதன்று. அண்மையில் ஒரு மணப்பெண் வீட்டார் அவ்வாறு வந்தபோது, நண்பரின் ஸ்ரூடியோவில் நானும் இருந்தேன். பெண்ணின் அம்மப்பா, அம்மம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் வரவேண்டும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டு அல்பங்கள் அனைத்தும் போய்விட்டன. எஞ்சியது, அடையாள அட்டைக்கென எடுத்த கறுப்புவெள்ளைப் படத்தின் ஒரு பிரதி மட்டுமே.

இத்தனை சிறிய படம் பெரிதாக்கினால் சிதறாதா என்று தாயார் அஞ்சினார். நண்பருக்கு அது ஒரு பிரச்சினையே அல்ல. குழுப்படத்தில் ஒரு முகம் விரல் நகத்தளவுதான் வரும்; 1200 டிபிஐயில் ஸ்கான் செய்தால் தாராளம். சிக்கல் வெளிச்சத்தில் இருந்தது. பழைய படத்தில் விளக்கு இடப்பக்கம். மூக்கின் நிழல் வலக்கன்னத்தில் விழுந்திருந்தது. மணவறையிலோ பிளாஷ் வெளிச்சம் நேர்முன்னாலிருந்து எல்லா முகங்களிலும் சமமாகப் படிந்திருந்தது. நிறமூட்டிவிடலாம், வேறொருவரின் வேட்டி சால்வையோடு உடலையும் பொருத்திவிடலாம். அந்த நிழலைத் துடைத்தால் முகத்தின் மேடுபள்ளமும் போய், ஆளே வேறாகிவிடுவார். நிழலை விட்டாலோ, வெட்டி ஒட்டியது எவர் கண்ணுக்கும் தெரியும்.

பத்திரிகையில் இப்படிச் செய்தால் வேலை போய்விடும். ஆனால் கல்யாண அல்பம் செய்தியன்று. வீட்டார் விரும்பியபடி செய்துகொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

நண்பர்தான் படத்தை மீண்டும் பார்த்துத் தயங்கினார். அம்மம்மா வெள்ளைச் சேலையில், வெறும் நெற்றியோடு, ஓர் ஓரமாக நின்றிருந்தார்.

"அம்மா, ஐயா பக்கத்திலை நிண்டா, ஆச்சிக்குப் பொட்டும் வைக்கவேண்டி வருமே?"

தாயார் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். கிழவியின் குரல் எங்களுக்கும் கேட்டது: "எனக்கு ஒண்டும் பூச வேண்டாம் பிள்ளை. நான் நிண்டபடியே இருக்கட்டும். அவரைச் சட்டம் போட்டு வையுங்கோ."

அதன்பின் வேலை எளிதாயிற்று. ஓரத்தில் வெறுமையாயிருந்த கதிரையொன்றில், சட்டமிட்ட படமாக அம்மப்பா அமர்ந்தார். படத்துக்குள் படம் என்பதால் கறுப்புவெள்ளை அப்படியே இருக்கலாம். மூக்கின் நிழலும் உறுத்தாது. நண்பர் சேர்த்தவை இரண்டுதான்: கண்ணாடியில் மெல்லிய வெளிச்சக் கீற்று, சட்டத்தின் கீழே கதிரையில் படியும் நிழல். அந்த நிழல் இல்லாவிட்டால் சட்டம் அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரியுமாம். மாலை போடட்டுமா என்று கேட்டார். மங்கல வீட்டுப் படம், மாலை வேண்டாம் என்றார் தாயார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கென, கதிரை வெறுமையாயிருந்த மூலப்படத்திலும் ஒரு பிரதி அச்சிடச் சொல்லிவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள்.