‘கட்டணம்’ என்ற பெயரில் வந்த வட்டி



அஸர் தொழுகை முடிந்த ஒரு மாலையில், நம் மதரஸா மாணவர் ஒருவரின் தந்தை வங்கியிலிருந்து வந்த தாளுடன் நம்மை அணுகினார். கிரிவலப் பாதையில் குளிர்பானக் கடை நடத்துபவர். “ஹஜ்ரத், மாதம் தவறாமல் தவணை கட்டுகிறேன். ஆனால் கடன் குறையவில்லையே. இதைத் தமிழில் சொல்லுங்கள்” என்றார்.

அது கிரெடிட் கார்டு கணக்கு அறிக்கை. அதிலிருந்த ‘டோட்டல் அமவுண்ட் டியூ’ என்பது கட்ட வேண்டிய மொத்தத் தொகை. ‘மினிமம் அமவுண்ட் டியூ’ என்பதை அவர் தவணை என எண்ணியிருந்தார். அது தவணையன்று, தாமத அபராதத்தைத் தவிர்ப்பதற்கான குறைந்தபட்சத் தொகை மட்டுமே. அதைக் கட்டினாலும் மீதிக்கு வட்டி ஓடும். அடுத்திருந்தது ‘ஃபைனான்ஸ் சார்ஜஸ்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நிதிக் கட்டணம்’. உண்மைப் பொருள் வட்டி. அதைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. வட்டிக்கு அஞ்சி கந்துக் கடனையே தொடாதவர் அவர்.

அவர் கணக்கையே எடுத்துக்கொண்டோம். மே 1 அன்று கடைக்கு 20,000 ரூபாயில் குளிர்பதனப் பெட்டி வாங்கினார். மே 20 அன்று அறிக்கை வந்தது. கெடு ஜூன் 9. அன்று முழுத் தொகையையும் கட்டியிருந்தால் வட்டியே இல்லை. அவரோ குறைந்தபட்சமான 1,000 ரூபாயைக் கட்டினார். முழுமையாகக் கட்டாததால் வட்டியில்லா நாட்கள் பறிபோயின. பொருள் வாங்கிய மே 1 முதலே வட்டி கணக்கிடப்பட்டது. ஆண்டுக்கு 42 சதவீதம் வீதம் ஜூன் 20 வரை சுமார் 1,138 ரூபாய் வட்டி. அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 205 ரூபாய். ஆகவே 1,000 கட்டிய பின்னும் நிலுவை 20,343 ஆயிற்று. பின்வந்த மாதங்களிலும், கட்டிய ஆயிரத்தில் ஏறத்தாழ 800 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போயிற்று.

நிலுவை இருக்கும் வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி உண்டு. குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்று அறிக்கையிலேயே எச்சரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர் தாளிலும் அவ்வரி இருந்தது, ஆங்கிலத்தில்.

கார்டைப் பயன்படுத்துவதை அன்றே நிறுத்தினார். பெருநாளுக்கென வைத்திருந்த சேமிப்பையும், தம்பியிடம் பெற்ற வட்டியில்லாக் கைமாற்றையும் சேர்த்து முழு நிலுவையையும் அடைத்தார். அடுத்த அறிக்கையிலும் சிறு வட்டி வந்தது கண்டு பதறினார். அறிக்கை நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது என விளக்கினோம், அதையும் கட்டினார்.

அதற்கடுத்த அறிக்கையில் ‘ஃபைனான்ஸ் சார்ஜஸ்’ என்ற வரிக்கு நேரே பூஜ்யம் இருந்தது. உங்கள் வீட்டுக்கு வரும் அறிக்கையிலும் முதலில் அந்த வரியைப் பாருங்கள். அங்கே எண் எதுவும் இருந்தால், அது வட்டி.