ஒரு சீட்டுக்கு ஒரு கதிரை

2020 பங்குனியில் ஊரடங்கு போட்ட பிறகு எங்கள் வீடியோக் கடைக்குக் கலியாண வேலை அற்றுப்போனது. திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் கமராவோடு ஓடித்திரிந்த நாங்கள், கட்டணம் கட்டிப் பார்க்கிற நேரலைக்கு இறங்கியது அப்படித்தான். முதல் நிகழ்ச்சி ஒரு சங்கீதக் கச்சேரி. காசு கட்டியவர்கள் 63 பேர். யூடியூப்பில் 'Unlisted' என்று போட்டு, அந்த ஒரே லிங்கை எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டாவது பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது திரையில் பார்ப்போர் எண்ணிக்கை 140 என்று காட்டியது. ஏற்பாட்டாளர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

காசு கட்டியவரை மட்டும் உள்ளே விடுகிற தொழிலை எனக்குப் பழக்கியவர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. இளவயதில் படமாளிகை வாசலில் சீட்டுக் கிழித்த என் மாமாதான் அவர். இடைவேளையில் தேத்தண்ணி குடிக்கப் போகிறவர்களுக்கு அவர் அவுட் பாஸ் கொடுப்பாராம். வெளியே போனவர் அதைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதும் உண்டு. "அதை ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்டேன். "பாஸ் யாருடைய கையில் இருந்தால் எனக்கென்ன? ஒரு கதிரையில் ஒருவன்தானே இருக்கிறான்" என்றார். ஆளுக்கொரு லிங்க் கொடுப்பதைப் பற்றி நான் இதுவரை படித்ததில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. லிங்கை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவதை உங்களால் தடுக்கவே முடியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரு கதிரையில் குந்தாமல் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அடுத்த நிகழ்ச்சியில் ஆளுக்கொரு லிங்க் கொடுத்தேன். முடிவில் 001, 002 என்று இலக்கம். எவரோ ஒரு பொடியன் 017ஐ 018 ஆக்கிப் பார்த்திருக்கிறான், கதவு திறந்துவிட்டது. இலக்கம் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு விளங்கியது. இப்போது பைதனில் இப்படி எடுக்கிறேன்:

```python
import secrets
print(secrets.token_hex(16))
```

ஒரு தடவைக்கு 32 எழுத்து வரும். `token_urlsafe(16)` என்று இன்னொன்று இருக்கிறது, அதில் வருவது 22 எழுத்துத்தான், பார்க்கவும் அழகு. ஆனால் சிலவேளை கழித்தல் குறியில் தொடங்கும். பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிற எக்செல் அதைக் கணக்கு என்று நினைத்து `#NAME?` என்று காட்டும். அந்தப் பட்டியலிலிருந்து மின்னஞ்சல் அனுப்பினால் ஒருவருக்கு லிங்குக்குப் பதில் குப்பை போகும். எக்செல்லைப் பற்றி இன்னொன்று: பெயர்களை அகர வரிசைப்படுத்தும்போது பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து விடாதீர்கள். பெயர் நகரும், லிங்க் நின்ற இடத்திலேயே நிற்கும். நான் ஒருமுறை அப்படிச் செய்து, எல்லோருக்கும் அடுத்தவர் சீட்டை அனுப்பியிருக்கிறேன். லிங்குகள் எல்லாமே வேலை செய்தன, அதனால் யாரும் முறைப்பாடு செய்யவில்லை. ஒருவருடைய சீட்டை ரத்துச் செய்யப் போய் வேறொருவரை வெளியே தள்ளியபோதுதான் பிழை தெரிந்தது.

பிறகு கெட்டித்தனம் கூடிப்போய், ஒருமுறை திறந்தால் செத்துப்போகிற லிங்க் செய்தேன். அன்று பின்னேரம் முழுக்கத் தொலைபேசிதான். "தம்பி, லிங்க் ஏற்கனவே பாவிக்கப்பட்டது என்று வருகுது." ஒருவரல்ல, வாட்ஸ்அப்பில் வாங்கிய அத்தனை பேரும். நெடுநேரம் தேடி, சேவையகப் பதிவேட்டைப் பார்த்தால், ஒவ்வொரு லிங்கையும் முதலில் திறந்தது என்னுடைய போன்! வாட்ஸ்அப்பில் ஒரு லிங்கை ஒட்டினால், கீழே சின்னப் படமும் தலைப்பும் காட்டுவதற்காக அனுப்புகிறவரின் போனே அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. அலுவலக மின்னஞ்சல்களிலும் இதே கதைதான். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிற காவற்காரன் உரியவருக்கு முன்னமே லிங்கைத் திறந்துவிடுவான்.

அதற்குப் பிறகு லிங்கைத் திறப்பதும் கதிரையில் குந்துவதும் என்னிடம் வேறு வேறு. லிங்கைத் திறந்தால் பெயரும் 'பார்க்கத் தொடங்கு' என்ற பொத்தானும் மட்டும் வரும். பொத்தானை அழுத்தினால்தான் கதிரை பதிவாகும். முன்காட்சி எடுக்க வருகிற இயந்திரம் பொத்தானை அழுத்துவதில்லை.

அடுத்தது, ஒருவர்தான் இருக்கிறார் என்று எப்படி அறிவது? நான் முதலில் ஐபி முகவரியை நம்பினேன். அது இரண்டு பக்கமும் காலை வாரியது. கைபேசி நிறுவனங்கள் ஏராளமானோரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதால், சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் ஒருவராகத் தெரிந்தார்கள். வீட்டு வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறிய ஒருவரோ இரண்டு பேராகத் தெரிந்தார். இங்கே மின்சாரம் போனால் எல்லோரும் டேட்டாவுக்குத்தான் மாறுவார்கள். கள்ளனைத் தேடுகிறேன் என்று காசு கட்டியவர்களை இருட்டில் விட்டேன்.

இப்போது பொத்தானை அழுத்தியவுடன் அந்தக் கருவிக்கு ஒரு கதிரை இலக்கம் கொடுக்கிறேன். அது 20 செக்கனுக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று தட்டும். அதே லிங்கில் இன்னொரு கருவி பொத்தானை அழுத்தினால் இலக்கம் மாறும். பழைய கருவி அடுத்த முறை தட்டும்போது 'இல்லை' என்ற பதில் வாங்கி நின்றுவிடும். பின்னால் வந்தவருக்கே இடம். முன்னால் வந்தவருக்கு இடம் என்று வைத்தால், சார்ஜ் போய் நின்ற போன் கதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கும், உரியவரால் தன் மடிக்கணினியில் ஏற முடியாது.

சூமில் பதிவு வைப்பவர்களுக்கும் இதேதான். ஒவ்வொருவருக்கும் தனி லிங்க் போகும். ஆனால் 'Allow attendees to join from multiple devices' என்ற இடத்தில் சரி அடையாளம் இருந்தால் அந்தத் தனி லிங்கில் பலர் ஏறிவிடலாம். அதை எடுத்துவிட்டீர்களா என்று முதல் நாளே பாருங்கள்.

கதவு எவ்வளவு பலமென்றாலும் பின்னால் யூடியூப் வீடியோவைப் பதித்திருந்தால் வீண்வேலை. படத்தின் மேல் வலது கிளிக் செய்தாலே மூல முகவரி கிடைக்கும். வீடியோ 6 செக்கன் துண்டுகளாக வர வேண்டும், அவற்றின் முகவரியில் காலக்கெடுவுள்ள கையொப்பம் இருக்க வேண்டும். அப்போது முகவரியைப் பிரதி எடுத்து அனுப்பினாலும் சில நிமிடத்தில் செத்துவிடும். திரையை இன்னொரு போனால் படம் பிடிப்பதற்கு என்னிடம் மருந்தில்லை. சீட்டுக்காரரின் பெயரைப் படத்தின் மேல் மங்கலாக ஓடவிடுகிறேன், கொஞ்சம் வெட்கம் வரட்டும் என்று.

கடைசியாக ஒரு ஆடி மாத நிகழ்ச்சி. எங்களுக்கு இரவு 7.30, லண்டனில் பிற்பகல் 3, ரொறன்ரோவில் காலை 10. தொடங்கிக் கால் மணித்தியாலத்துக்குள் ஒரு ரொறன்ரோ லிங்கில் கதிரை 40 தடவை மாறியிருந்தது. இரண்டு கருவிகள், 20 செக்கனுக்கு ஒருமுறை மாறி மாறி. இரண்டு வீடு ஒரு சீட்டில் அடிபடுகிறது என்று முடிவுகட்டி, கடுமையாகச் சொல்ல ஆயத்தமாகி அழைத்தேன். ஒரு அம்மம்மா எடுத்தார். மகன் வேலைக்குப் போகுமுன் டிவியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், டிவி நிற்குமோ என்ற பயத்தில் டாப்லெட்டிலும் திறந்து வைத்திருக்கிறார். அறையில் அம்மம்மா மட்டும்தான். பிழை என்னுடையது. கதிரை இழந்த கருவி தானாகவே மீண்டும் ஏறட்டும் என்று நான்தான் எழுதி வைத்திருந்தேன். டிவி டாப்லெட்டைத் தள்ள, டாப்லெட் டிவியைத் தள்ள, அவர் பாட்டைத் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறார்.

டாப்லெட்டை மூடச் சொன்னேன். அன்றிரவே அந்த வரியை அழித்துவிட்டு, 'இங்கே பார்க்க அழுத்தவும்' என்ற பொத்தானை வைத்தேன். அவருக்கு மறுநாள் முழுப் பதிவையும் அதே லிங்கில் திறந்துவிட்டேன்.