புது மேடம் எதையும் மாற்றாத முதல் 30 நாள்கள்

மதுரையில் 200 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனை. அதன் பில்லிங், இன்சூரன்ஸ் பிரிவுக்குப் புதிய தலைவராக வந்தவருக்கு வயது 43. அதுவரை 18 வருடங்கள் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் இருந்தவர். பஞ்சு பேல் கணக்கு அவருக்கு அத்துப்படி. டிஸ்சார்ஜ் சம்மரி, கேஷ்லெஸ் அப்ரூவல் எல்லாம் புதுசு. அவருக்குக் கீழே 14 பேர், ஒருவரையும் முன்பின் தெரியாது. அந்த 14 பேரில் ஒருவர், இந்த நாற்காலி தனக்குத்தான் வரும் என்று காத்திருந்த 52 வயது சீனியர்.

நான்காம் நாளே சோதனை வந்தது. மாலை 4 மணிக்கு கவுன்டர் முன்னால் ஒரு குடும்பமே நின்று சத்தம் போட்டது. “காலையில 9 மணிக்கே டாக்டர் வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டாரு. இன்னும் பில் போடலையா?” பக்கத்தில் வீல்சேரில், கையில் மருந்துப் பையோடு ஒரு பாட்டி. அவர் எதுவும் பேசவில்லை. மேடத்தின் மனதில் உடனே ஓர் உத்தரவு உருவானது: ‘நாளையிலிருந்து எந்த பில்லும் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும்.’ டைப் செய்யக்கூட ஆரம்பித்துவிட்டார். பிறகு அழித்துவிட்டார். தாமதம் எங்கே ஆகிறது என்று தனக்கே தெரியாதபோது யாருக்கு உத்தரவு போடுவது?

மைக்கேல் வாட்கின்ஸ் என்ற மேலாண்மை ஆசிரியர், புதுப் பொறுப்பின் முதல் 90 நாள்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அது 2003-ல் வெளியானது. புதிதாக வருபவர் ஆரம்பத்தில் நிறுவனத்துக்குக் கொடுப்பதைவிட அதனிடமிருந்து எடுத்துக்கொள்வதுதான் அதிகம் என்பார் அவர். மற்றவர்களின் நேரம், பொறுமை, தகவல் எல்லாம் செலவாகும். கொடுப்பதும் எடுப்பதும் சமமாகும் நாளைச் சீக்கிரம் எட்டுவதுதான் திட்டத்தின் நோக்கம். அவசர உத்தரவு அந்த நாளைத் தள்ளிப்போடும். உத்தரவு தவறாகப் போனால் அடுத்த உத்தரவை யாரும் நம்ப மாட்டார்கள்.

மேடம் 90 நாள்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டார். முதல் 30 நாள் பார்ப்பது, கேட்பது. அடுத்த 30 நாள் ஒரே ஒரு சின்ன மாற்றம். கடைசி 30 நாள் அதைப் பரப்புவது, நிலைக்க வைப்பது.

பொறுப்பேற்ற அன்றே நிர்வாக அதிகாரியிடம் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். “90-வது நாள்ல நீங்க எதைப் பார்த்தா திருப்தியா இருப்பீங்க சார்? நான் எதைத் தொடக் கூடாது? எனக்குக் கூடுதலா ஆள் கிடைக்குமா?” முதல் கேள்விக்கு, “கவுன்டர்ல சத்தம் நிக்கணும்” என்றார் அதிகாரி. சத்தத்தை அளக்க முடியாது. அதனால் பேசிப் பேசி ஓர் அளவுக்கு வந்தார்கள்: டாக்டர் டிஸ்சார்ஜ் சொன்ன நேரத்திலிருந்து நோயாளி வாசலைத் தாண்டும் நேரம் வரை எவ்வளவு ஆகிறது? இரண்டாவதற்குப் பதில், டாக்டர்களின் ரவுண்ட்ஸ் நேரம். மூன்றாவதற்குப் பதில், இல்லை. இந்த மூன்று பதில்களையும் அன்று மாலையே அவருக்கு மெயிலில் அனுப்பி, “சரிதானே சார்?” என்று உறுதி செய்துகொண்டார்.

பிறகு 14 பேரிடமும் தனித்தனியாகப் பேசினார். ஒரு நாளைக்கு இரண்டு பேர், ஆளுக்கு அரை மணி நேரம். எல்லாரிடமும் ஒரே கேள்விகள். இங்கே எது நன்றாக நடக்கிறது? எது வேலையைக் கெடுக்கிறது? நீங்கள் என் இடத்தில் இருந்தால் முதலில் எதைச் சரிசெய்வீர்கள்? நைட் ஷிஃப்ட்காரர்களைப் பகலில் அழைக்காமல், அவரே இரவு 10 மணிக்குப் போய் உட்கார்ந்தார். கேள்விகள் ஒன்றாக இருந்ததால்தான் பதில்களை ஒப்பிட முடிந்தது. ஒன்பது பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: “ஃபைல் எங்ககிட்ட வரும்போதே மத்தியானம் ஆயிடுது மேடம்.”

சொன்னதை அப்படியே நம்பவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. ஒரு நோட்டுடன் 40 டிஸ்சார்ஜ் ஃபைல்களின் பின்னாலேயே நடந்தார். டாக்டர் சொன்ன நேரம், சம்மரி வந்த நேரம், மீதி மருந்து ஃபார்மஸிக்குத் திரும்பிய நேரம், பில் முடிந்த நேரம், இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்த நேரம், நோயாளி கிளம்பிய நேரம். இவ்வளவுதான் குறித்தார்.

இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்குச் சராசரியாக ஆறரை மணி நேரம் ஆனது. அதில் சம்மரி வருவதற்கே இரண்டே முக்கால் மணி நேரம். மருந்து திரும்ப ஒரு மணி நேரம். பில் போட 40 நிமிடம். அப்ரூவலுக்கு இரண்டு மணி நேரம். திட்டு வாங்கியது பில்லிங் பிரிவு. அதன் கைவேலையோ 40 நிமிடம்தான். ‘ஒரு மணி நேரத்தில் பில்’ என்ற அந்த உத்தரவு போயிருந்தால் ஏற்கெனவே சரியாக நடப்பதைத்தான் அதட்டியிருக்கும்.

ஆனால், பிரிவின் பக்கமும் ஒரு பிழை இருந்தது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் போட்ட விதிப்படி, டிஸ்சார்ஜ் கோரிக்கை போன மூன்று மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும். அது மருத்துவமனை எல்லாப் பேப்பரையும் சரியாக அனுப்பினால்தான் உதவும். அந்த 40 பேரில் 25 பேர் இன்சூரன்ஸ்காரர்கள். அவர்களில் 11 பேருக்கு ‘இந்தப் பேப்பர் இல்லை’ என்று கேள்வி திரும்பி வந்தது. அவற்றில் எட்டு, மருத்துவமனைக்குள்ளேயே இருந்த பேப்பர்கள். ஒரு ஸ்கேன் ரிப்போர்ட், மூட்டில் வைத்த இம்பிளான்டின் ஸ்டிக்கர் என்று எதையோ யாரோ இணைக்க மறந்திருந்தார்கள்.

சீனியரிடம் பேசியது முதல் வாரத்திலேயே. அவரது இடத்துக்கே போய் உட்கார்ந்தார். “உங்களுக்கு வரவேண்டிய பதவின்னு எல்லாரும் சொல்றாங்க சார். அந்த முடிவு என் கையில இல்ல. ஆனா நீங்க செஞ்ச வேலை உங்க பேர்லதான் மேலே போகும். அது என் கையில இருக்கு.” சீனியர் தலையை மட்டும் அசைத்தார். மூன்று வாரம் வரை கேட்டதற்கு மட்டுமே பதில் வந்தது.

40-வது நாளில் ஒரு கூட்டம் வைத்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற பெரிய நிறுவனங்களில் பல காலமாக இருக்கும் ஒரு முறை அது. புதிய தலைவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் உள்ளே இருப்பார். தலைவரைப் பற்றித் தெரிந்தது என்ன, தெரிய வேண்டியது என்ன, பயம் என்ன என்று குழு சொல்ல, அவர் பெயர் போடாமல் சார்ட்டில் எழுதுவார். ஒரு மணி நேரம் கழித்துத் தலைவர் உள்ளே வந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சார்ட்டின் முதல் வரியே, ‘மில்லில் இருந்து வந்திருக்கிறார். ஆளைக் குறைக்கத்தான் வந்தாரா?’ நோட்டோடு ஃபைல் பின்னால் நடந்ததை அவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். எதற்காக அளக்கிறோம் என்று முதல் நாளே சொல்லாதது தன் தவறு என்று மேடம் ஒப்புக்கொண்டார். “ஆள் குறைக்கச் சொல்லி என்கிட்ட யாரும் சொல்லலை. கூடுதல் ஆளும் கிடையாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. அது மாறினா உங்களுக்கு முதல்ல நானே சொல்றேன்.” பிறகு 40 ஃபைல்களின் கணக்கைச் சுவரில் ஒட்டினார். 40 நிமிடம் என்ற எண்ணைப் பார்த்து ஒருவர், “இத்தனை வருஷமா நாங்க இதைத்தானே சொன்னோம்” என்றார்.

அன்று மாலை சீனியர் ஒரு பழைய டைரியுடன் வந்தார். எந்த இன்சூரன்ஸ் நிறுவனம் எந்தச் சிகிச்சைக்கு எந்தப் பேப்பர் கேட்கும் என்று பல வருடமாகக் குறித்து வைத்தது. அதுதான் அந்த ஒரே மாற்றத்துக்கு அடிப்படை ஆனது. மாலை 5 மணிக்கு, மறுநாள் வீட்டுக்குப் போகக்கூடியவர்களின் பட்டியலை வார்டு சிஸ்டரிடம் வாங்குவது. இரவு ஷிஃப்ட் அந்த டைரிப்படி பேப்பர்களைச் சேர்த்து, அதுவரையிலான பில்லைச் சரிபார்த்து வைப்பது. முதலில் எலும்பு சிகிச்சை வார்டில் மட்டும், இரண்டு வாரம். பொறுப்பு சீனியருக்கு.

முதல் வாரம் சொதப்பியது. உற்சாகத்தில் மீதி மருந்துகளையும் மாலையே ஃபார்மஸிக்குத் திருப்பிவிட்டார்கள். இரவில் ஒரு நோயாளிக்கு வலி ஊசி தேவைப்பட, வார்டில் மருந்து இல்லை. அவசரமாக மறுபடி வாங்கி வரவேண்டியிருந்தது. “உங்க அவசரத்துக்கு என் பேஷன்ட் கஷ்டப்படணுமா?” என்று சிஸ்டர் கேட்டது நியாயமான கேள்வி. மேடம் சிஸ்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். இரவில் பேப்பரும் பில்லும் மட்டும், மருந்து திரும்புவது டாக்டர் சொன்ன பிறகுதான் என்று மாற்றினார்கள். ஒரே வார்டில் ஆரம்பித்ததால் தவறும் ஒரே வார்டோடு நின்றது.

60-வது நாளில் அந்த வார்டின் நேரம் ஆறரையிலிருந்து நாலரை மணி நேரமாக இறங்கியது. கடைசி மாதத்தில் மற்ற வார்டுகளுக்கும் போனது. டைரி, எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு பட்டியலாகக் கம்ப்யூட்டரில் ஏறியது. மேலே சீனியர் பெயர்.

90-வது நாள் நிர்வாக அதிகாரிக்கு ஒரே ஒரு பக்கம் கொடுத்தார். பார்த்தது, செய்தது, முடியாதது. முடியாததில் முதலில் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி. இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம்தான். அது டாக்டர்கள் கையில் இருப்பது. பில்லிங் தலைவர் உத்தரவு போட்டு மாறாது. ஆனால், நிர்வாகம் டாக்டர்களோடு பேசுவதற்கு இப்போது 40 ஃபைல்களின் கணக்கு இருந்தது. கவுன்டரில் சத்தம் குறைந்தது, நிற்கவில்லை.

திட்டம் பலித்ததா என்று மேடத்துக்குச் சொன்னது அந்தப் பக்கம் அல்ல. அதற்கு இரண்டு நாள் முன்பு சீனியர் அவர் அறைக்கு வந்திருந்தார். “மேடம், நேத்து ஒரு பேஷன்ட்டுக்கு ரூம் வாடகை ஒருநாள் கூடுதலாப் போட்டுட்டேன். யாரும் கவனிக்கலை. நானே பார்த்தேன். போன் பண்ணி வரச்சொல்லியிருக்கேன், பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம்.”

முதல் வாரமாக இருந்தால் அந்தத் தவறு அவரது மேஜைக்கு வந்தே இருக்காது.