மறைத்த ஒரு வருஷம்

ஆம்பூரில் பக்கத்துத் தெருப் பெண், பி.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருஷம். தோல் ஆலைக் கழிவுநீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தாள். பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு வருஷ இடைவெளி. மூன்றாம் செமஸ்டரில் ஒரு அரியர். இரண்டையும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

மறைக்க முடியாதும்மா என்றேன். மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு தாளுக்கும் தேறிய மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கும். அந்த செமஸ்டரின் மற்ற தாள்களுக்கு ஒரு தேதி, அந்த ஒன்றுக்கு மட்டும் வேறு தேதி. படிக்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும்.

அந்த வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டேன். "ஷூ கம்பெனியில அப்பர் தைச்சேன் அக்கா. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல." அதைச் சொல்ல வெட்கப்பட்டாள், எனக்கு மனசு கனத்துவிட்டது. தோல் தொழில் சார்ந்த ஆய்வகத்துக்கு அது குறையே இல்லை. அனுபவம் என்ற தலைப்பின் கீழ், மாதக் கணக்கோடு எழுதச் சொன்னேன்.

அரியருக்கு மூன்றே வரி: "மூன்றாம் செமஸ்டரில் இயற்பிய வேதியியல் தாளில் தவறினேன், கணக்குப் பகுதி எனக்கு வரவில்லை. ஐந்தாம் செமஸ்டரில் தேறினேன். டைட்ரேஷன் செய்முறைகளைத் தனியாகச் செய்வேன்." அப்பாவின் நோயை இதற்குக் காரணமாக்க வேண்டாம் என்றேன். அது கல்லூரிக்கு முந்தைய வருஷத்துக் கதை, தேதிகள் ஒத்துவராது. 5.8 சிஜிபிஏவை 6 ஆக்கியிருந்ததையும் அவளே திருத்தினாள்.

நேர்காணலில் அந்தக் கணக்கில் ஒன்றைப் போடச் சொல்லலாம். நேற்றிலிருந்து அதைத்தான் படிக்கிறாள்.