எட்டுப் பேரும் ஒரு தாளும்

கொழும்பு நாளேடொன்றில் செய்தி ஆசிரியராகவிருக்கும் இளைய நண்பர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, உதவி ஆசிரியர் வெற்றிடத்துக்கு வந்த விண்ணப்பங்களைப் பார்த்து எட்டுப் பேரை எடுத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை நேர்முகப் பரீட்சை. நாங்கள் மூன்று பேர் இருக்கப்போகிறோம். என்ன கேட்பது?" என்றார். அவருக்குச் சொன்னதை இங்கு எழுதுவதற்கு எனது பழைய தவறொன்றும் காரணம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் இதே பதவிக்கான நேர்முகக் குழுவொன்றில் நானும் இருந்தேன். வாயில் வந்ததைக் கேட்டோம். ஒருவரிடம் ஊரை விசாரித்தோம், இன்னொருவரிடம் பிடித்த எழுத்தாளரைப் பற்றிக் கேட்டோம். பேச்சுவன்மை மிக்க ஓர் இளைஞர் எங்களைச் சிரிக்க வைத்தார், அவரையே தெரிவு செய்தோம். மெல்லிய குரலில் பேசிய யுவதி ஒருவரை அன்று மாலையே மறந்துபோனோம். இரண்டு மாதங்களில் அந்த இளைஞர் உறுதிப்படுத்தாத மரணச் செய்தியொன்றைப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். உயிரோடிருந்தவரின் மகன் ஆசிரியபீட வாசலில் வந்து நின்றதை நான் மறக்கவில்லை. "செய்தியுணர்வு வேண்டும்" என்று விளம்பரத்தில் எழுதியவர்கள் நாங்களே. அதைச் சோதிக்கும் ஒரு கேள்வியைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

நண்பரிடம் முதலில் விளம்பரத்தை வாசிக்கச் சொன்னேன். அதில் ஏழு தகைமைகள் இருந்தன. பட்டம், மூன்றாண்டு அனுபவம், தமிழ்த் தட்டச்சு ஆகிய மூன்றும் விண்ணப்பத்திலேயே பார்க்கப்பட்டுவிட்டன. அவற்றுக்கு மீண்டும் புள்ளி வழங்கினால் ஒரே பட்டத்துக்கு இருமுறை பரிசளித்ததாகிவிடும். எஞ்சியவை நான்கு: செய்தியுணர்வு, சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் மொழிபெயர்ப்பு, பிரதி திருத்தம், பிராந்திய நிருபர்களுடன் ஒத்திசைந்து பணியாற்றல். ஒரு தாளுக்கு நான்கு போதும். முதலிரண்டுக்கும் நிறை 3, மற்றைய இரண்டுக்கும் 2 என்று வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. ஆக மொத்தம் 50.

நிறையை நேர்முகத்துக்கு முன்னரே எழுதிவிட வேண்டும். பின்னர் எழுதினால், மனதுக்குப் பிடித்தவருக்கு ஏற்றவாறு அது வளைந்துவிடும்.

அடுத்து, தகைமையைக் கேள்வியாக்க வேண்டும். "உமக்குச் செய்தியுணர்வு உண்டா?" என்றால் எவர்தான் இல்லை என்பார்? நாங்கள் எழுதிய கேள்வி இது: "இரவு பதினொரு மணி. பேருந்து விபத்தில் ஐவர் மரணம் என்கிறார் எமது நிருபர். பொலிஸ் தரப்பு மூவர் என்கிறது. பக்கம் அரைமணி நேரத்தில் அச்சுக்குப் போகும். என்ன செய்வீர்?" அதன் கீழே, எந்தப் பதிலுக்கு எத்தனை புள்ளி என்பதையும் எழுதினோம். காரணம் கூறாமல் ஓர் எண்ணைத் தெரிவு செய்தால் 1. மீண்டும் விசாரிப்பேன் என்று சொல்லி, விடை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கூறாவிட்டால் 3. வைத்தியசாலையை அழைத்து, அப்போதும் தெளிவில்லையெனில் மூவர் எனப் பொலிஸை மேற்கோள் காட்டிப் பிரசுரித்து, நகரப் பதிப்புக்குத் திருத்தக் குறிப்பு வைப்பேன் என்றால் 5. இந்த வரிகள் இல்லாவிட்டால் மூன்று பேரின் '3' மூன்று வெவ்வேறு பொருள் தரும். எவரையும் நோகடிக்க விரும்பாத குழு எல்லோருக்கும் 3 போட்டுவிட்டு எழுந்துவிடும்.

மொழிபெயர்ப்பை வாய்ப்பேச்சால் அளக்க முடியாது. அதற்கு இருபது நிமிட எழுத்துப் பரீட்சை வைத்து, அதன் புள்ளியைத் தாளில் ஏற்றுமாறு கூறினேன்.

எட்டுப் பேரிடமும் அதே கேள்விகள், அதே ஒழுங்கில். ஒவ்வொரு பதிலும் முடிந்தவுடனேயே, பக்கத்திலிருப்பவரோடு கதைக்காமல் புள்ளியிட வேண்டும். மூத்தவர் "நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டால் இளையவர்களின் பேனா அந்தப் பக்கமே சாயும். மூத்தவன் என்ற முறையில் நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

1955இல் இஸ்ரேலிய இராணுவத்தில் பணிபுரிந்த டானியல் கானமன், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர், ஆட்சேர்ப்பு நேர்முகத்தை இவ்வாறுதான் மாற்றினார். ஆறு பண்புகளைத் தனித்தனியே அளந்து புள்ளியிடச் செய்தார். எங்களை இயந்திரமாக்குகிறீர் என்று நேர்முகம் காண்போர் முறையிட்டபோது, எல்லாப் புள்ளிகளும் இட்டபின் கண்ணை மூடி உள்ளுணர்வால் ஒரு புள்ளி போடுங்கள் என்றார். அந்தப் புள்ளியும் பயனுள்ளதாகவே அமைந்தது. ஆகவே தாளின் அடியில் நண்பருக்கும் அப்படியொரு வரி வைக்கச் சொன்னேன், மொத்தத்தில் சேர்க்காமல்.

சனிக்கிழமை அவர் மீண்டும் அழைத்தார். கலகலப்பாகப் பேசிய ஒருவர் நான்கு வரிகளிலும் முறையே 2, 3, 3, 5 பெற்று 31இல் நின்றார். தயங்கித் தயங்கிப் பேசிய ஒருவர் 4, 4, 4, 2 பெற்று 36 எடுத்திருந்தார். ஒரு சிக்கலும் எழுந்ததாம். பின்னவரின் விபத்துப் பதிலுக்கு ஒருவர் 2, இருவர் 5 போட்டிருந்தனர். சராசரியெடுத்து 4 என்று பதிந்துவிட்டார்கள். அப்படிச் செய்யாமல், அவர் சொன்னதை எவர் எழுதி வைத்திருக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும் என்றேன். தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. 5 போட்ட இருவரின் தாளிலும் 'வைத்தியசாலை' என்ற சொல் இருந்தது. 2 போட்டவரின் தாளில் 'குரல் தாழ்வு' என்று மட்டும் இருந்தது.