பிரின்சிபாலைப் பார்க்க ஒரு கடிதம்

1/
போன வாரம் ஒரு தம்பி ஓபியில் கேட்டார்: "டாக்டர், கோயம்புத்தூர்ல இருந்து குடும்பத்தோட இங்க வர்றோம். ஸ்கூல்ல பிரின்சிபாலைப் பார்க்கவே விட மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?" எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. இந்த இழை அதுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/
கலந்தாய்வில் எனக்கு மதுரையில் இருந்து சென்னைக்கு மாறுதல் கிடைத்தது. மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்ததும் புதுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அவளுக்கு ஏழு வயதில் இருந்து டைப் 1 சர்க்கரை நோய். மதிய சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி கட்டாயம். மதுரைப் பள்ளியில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. புது ஊரில் முதலில் இருந்து ஆரம்பிக்கணும்.

3/
வீட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளிக்கு நான் எழுதிய முதல் கடிதம் இரண்டு பக்கம். நான் யார், எங்கே வேலை, மகள் நோய் வந்த கதை, டிஸ்சார்ஜ் சம்மரி நகல், கடைசியில் கல்வி உரிமைச் சட்டத்தை மேற்கோள் காட்டி ஒரு பத்தி. டாக்டர் கடிதம், உடனே கூப்பிடுவாங்கன்னு நினைத்தேன். மூணு நாள் கழித்து ஆபீஸில் இருந்து போன்: "சார், அஞ்சாம் வகுப்புல சீட் இல்ல." அவ்வளவுதான்.

4/
இப்போ யோசித்தால் தப்பு என்னுடையதும்தான். அந்தக் கடிதத்தை முதலில் படிப்பது பிரின்சிபால் இல்லை, அலுவலக உதவியாளர். அவருக்குத் தேவை: எந்த வகுப்பு, எப்போ சேரணும், இப்போ எந்தப் பள்ளி, எந்தப் பாடத்திட்டம். இதைக் கண்டுபிடிக்க அவர் ரெண்டாம் பக்கம் வரை போகணும். அவர் கண்ணில் முதலில் பட்டது "மயக்கம்", "வலிப்பு", "அவசர சிகிச்சை" என்ற வார்த்தைகள். பின்னாடியே சட்டம். யாருக்கும் பயம் வரும்.

5/
சட்டத்தையும் நான் பாதிதான் படித்திருந்தேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை. பிரிவு 5-ன்படி வேறு பள்ளிக்கு மாற்றம் கேட்கும் உரிமை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குப் பொருந்தும். டி.சி. தாமதமானாலும் அங்கே சேர்க்கையை மறுக்கக் கூடாது. உதவி பெறாத தனியார் பள்ளியில் அந்த மாற்ற உரிமை கிடையாது. ஆனா நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது என்ற பிரிவு 13 அவங்களுக்கும் உண்டு. அதனால் தனியார் பள்ளிக்கு எழுதும்போது அது வேண்டுகோள்தான். வழக்கு நோட்டீஸ் மாதிரி எழுதினால் கதவு மூடும்.

6/
அடுத்த பள்ளிக்கு எழுதும்போது எனக்கு ஒரு சபலம். நோயைப் பற்றி எழுதாமலே விட்டுட்டா என்ன? சேர்ந்த பிறகு சொல்லிக்கலாமே. மனைவி ஒரே வரியில் நிறுத்திட்டா: "முதல் நாளே லோ சுகர் ஆனா டீச்சர் என்னன்னு நினைப்பாங்க?" உண்மை. சாப்பாட்டு நேரத்தில் ஊசி போட மறைவிடம் தேடும் பிள்ளை ஊசியைத் தவிர்க்க ஆரம்பிக்கும். அப்படித் தவிர்த்து, கீட்டோஅசிடோசிஸோடு ஐசியூவுக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன்.

7/
கடைசியில் மனைவியும் நானும் சேர்ந்து எழுதிய கடிதம் இது. இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,
பணி மாறுதலால் மதுரையில் இருந்து சென்னைக்கு வருகிறோம். எங்கள் மகள் இப்போது மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டு விடுமுறைக்குப் பின் தங்கள் பள்ளியில் சேர்க்க விரும்புகிறோம். எமிஸ் எண்ணும் கடைசித் தேர்வு மதிப்பெண் பட்டியலும் இணைத்துள்ளோம்.
அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் உள்ளது. மதியம் ஊசியை அவளே போட்டுக்கொள்வாள். பள்ளியிடம் நாங்கள் கேட்பது இரண்டே உதவிகள். அவற்றை நேரில் விளக்க 15 நிமிடம் ஒதுக்கித் தர வேண்டுகிறோம்.
செவ்வாய் அல்லது வியாழன், காலை 11 மணிக்குப் பின் எந்த நேரமும் வசதி. மகளும் உடன் வருவாள்."

கீழே ரெண்டு பேர் கைபேசி எண்ணும்.

8/
இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கு. எமிஸ் எண் இருந்தால் மாணவர் விவரத்தைத் தேட அலுவலகத்துக்கு சுலபம். "இரண்டே உதவிகள்" என்றதும் என்னன்னு தெரிஞ்சுக்கத் தோணும். 11 மணி ஏன்? காலையில் பிரேயர், லேட் வந்த பிள்ளைகள், வேன் புகார்னு பிரின்சிபாலுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ரெண்டு நாள் கொடுத்தால் அவங்க ஒண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும். மறுநாளே போன் வந்தது: "வியாழன் பதினொன்றரைக்கு வாங்க."

9/
போனோம். மேடம் நேரா கேட்டாங்க: "க்ளாஸ்ல மயங்கி விழுந்தா எங்க பொறுப்பு என்ன டாக்டர்?" நியாயமான கேள்வி. நான் ஒரு பக்கத் தாளைக் கொடுத்தேன். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம் இருந்தால் அவளுடைய மீட்டரில் பார்க்கச் சொல்லணும். 70-க்குக் கீழே இருந்தா மூணு டீஸ்பூன் குளுக்கோஸ், சுமார் 15 கிராம். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். மீட்டர் கையில் இல்லேன்னா காத்திருக்காம குளுக்கோஸ் கொடுக்கலாம். நினைவு இல்லேன்னா வாயில் எதுவும் ஊட்டக் கூடாது. 108, அடுத்து எங்களுக்கு போன். அவளைத் தனியா எங்கேயும் அனுப்பக் கூடாது.

10/
நாங்கள் கேட்ட இரண்டு உதவி: வகுப்பாசிரியர், பி.டி. சார், வேன் அக்கா மூணு பேருக்கும் அந்தத் தாளின் நகல். பசித்தால் எந்த நேரமும் சாப்பிட, சுகர் பார்க்க அனுமதி. 2023-ல் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதமும் இதையே சொல்கிறது. அந்த நகலையும் கொண்டுபோயிருந்தேன். ஆனா இந்த முறை பைலின் அடியில். எடுக்கவே தேவைப்படல.

11/
மேடம் கடைசியா எங்களை விட்டுட்டு மகளைப் பார்த்துக் கேட்டாங்க: "ஊசி எங்கம்மா போட்டுக்குவ?"
"டாய்லெட்ல மட்டும் வேணாம் மேடம். என் பெஞ்சுலயே போட்டுக்கறேன். பார்க்கப் பயந்தா அவங்க திரும்பிக்கட்டும்."
மேடம் சிரிச்சுட்டாங்க. "சரி. ஊசியைப் போடறதுக்கு டப்பா வேணும்ல?" என்று அவங்களே கேட்டாங்க. அது எனக்குத் தோணவே இல்லை. பயன்படுத்திய ஊசியைப் போட மூடி உள்ள ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, வீட்டில் இருந்து கொடுத்தனுப்பினோம்.

12/
கடைசியா ஒண்ணு. புதுப் பள்ளி "சீட் உண்டு"ன்னு எழுத்தில் தராமல் பழைய பள்ளியில் டி.சி. வாங்காதீங்க. டி.சி. கொடுத்ததும் பிள்ளை பெயர் எமிஸில் பொதுத் தொகுப்புக்குப் போகும்; அங்கே இருந்துதான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ளும். அங்கேயே தொங்கினால் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை. பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகுதான்னு முன்னாடியே பார்த்துடுங்க. என் மகளுக்கு இனிஷியல் மாறி இருந்தது. திருத்த மதுரைக்கு மறுபடி ஒரு நாள் போக வேண்டியதாச்சு.

13/
அந்தத் தம்பிக்கும் இதே கடிதத்தைத்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் பிள்ளைக்கு ஆஸ்துமா. ஒரு வரி மட்டும் மாற்றினோம்: "இன்ஹேலர் அவன் பையிலேயே இருக்கும், பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டாம்." திங்கள் வரச் சொல்லியிருக்காங்களாம்.